இரண்டு ஊருக்கு ஒரு நிலையம்

சென்னையிலிருந்து விழுப்புரம் பக்கம் போகும் ரயிலில் மதுராந்தகத்துக்கு முந்திய நிறுத்தம் கருங்குழி. மதுராந்தகம் நகராட்சி, பெரிய ஏரியும் ஏரி காத்த ராமரும் அந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கருங்குழி பேரூராட்சி, சுமார் 12 ஆயிரம் பேர். கருங்குழியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நகராட்சி நிர்வாகத் துறையில் இருப்பவர்களுக்கும் சுகாதாரப் பொறியாளர்களுக்கும் அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். செப்டிக் டேங்க் லாரிகள் அள்ளிவரும் மலக்கசடைச் சுத்திகரிப்பதற்கென்றே தமிழ்நாட்டில் கட்டப்பட்ட முதல் நிலையம் 2017-இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 23 ஆயிரம் லிட்டர் அதன் கொள்ளளவு. கருங்குழியின் கசடு மட்டுமல்ல, மதுராந்தகத்தின் கசடும் அங்கேதான் வரவேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள்.

பெரிய ஊரின் கழிவை ஒரு சின்ன ஊர் வாங்கிக்கொள்கிறது. இதில் என்ன லாபம், யாருக்கு நஷ்டம், எங்கே இது உடையும் என்பதைப் புரிந்துகொண்டால், பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் ஒரு சேவையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு எதுவானாலும் புரிந்துவிடும்.

பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஆற்றங்கரையில் கிணறு வெட்டி, ஒரே இடத்தில் நீரேற்றி, ஒரே பெருங்குழாயில் பல பேரூராட்சிகளுக்கும் நூற்றுக்கணக்கான குக்கிராமங்களுக்கும் தண்ணீர் கொண்டுபோவது குடிநீர் வடிகால் வாரியத்தின் அன்றாட வேலை. தனித்தனியாக ஒவ்வொரு ஊரும் ஆற்றுக்குக் குழாய் போட முடியாது என்பது யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் வரும் தண்ணீரில் நாம் கூட்டாளிகளாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஊரைவிட்டு வெளியே போகிற கழிவில் மட்டும் அண்மைக்காலம் வரை ஒவ்வோர் ஊரும் தனித்தனி. சரியாகச் சொன்னால், யாருடைய பொறுப்பாகவும் அது இருக்கவில்லை.

பாதாளச் சாக்கடை பெரும்பாலான பேரூராட்சிகளில் கிடையாது. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. அவற்றில் பெரும்பான்மையான வீடுகளுக்குக் கழிவறைக்குப் பின்னாலோ வாசற்படிக்குக் கீழேயோ ஒரு தொட்டிதான். சில வீடுகளில் அது முறையான செப்டிக் டேங்க். பல வீடுகளில் உறை இறக்கிய குழி, அல்லது அடியில் பூசாமல் விட்ட தொட்டி. தொட்டி நிரம்பி, கழிவறையில் தண்ணீர் இறங்க மறுக்கும் நாளில் லாரிக்குப் போன் பண்ணுவோம். லாரி வரும், குழாயை இறக்கும், அரை மணி நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஆற்றோரம், ஏரியின் நீர்வரத்துக் கால்வாய், நெடுஞ்சாலையோரப் புறம்போக்கு, சில இடங்களில் விலைக்கு வாங்கும் தோப்பு என்று இருட்டில் எங்காவது போனது. லாரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. சட்டப்படி கொட்டுவதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லை.

அந்த இடத்தை ஒவ்வோர் ஊரும் தானே கட்டிக்கொண்டால் என்ன? இங்கேதான் கணக்கு வருகிறது. சிறிய ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 12 ஆயிரம் பேர், சுமார் 3,000 வீடுகள். முக்கால்வாசி வீடுகளுக்குத் தொட்டி இருக்கிறது என்று வைத்தால் 2,250 தொட்டிகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும் என்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி. அப்படியானால் ஆண்டுக்கு 750 வீடுகள். 300 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வீடுகள். ஒரு வீட்டிலிருந்து 2,500 லிட்டர் வருகிறது என்று கொண்டால் நாளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். நடப்பில் இன்னும் குறைவு. தொட்டி பொங்கி வழிந்தால்தானே நம்மில் பலர் கூப்பிடுகிறோம்? பத்து ஆண்டு திறக்காத தொட்டிகள் ஏராளம்.

நாளுக்கு இரண்டு லாரி வரும் நிலையத்துக்கும் ஆறு லாரி வரும் நிலையத்துக்கும் வேண்டிய ஆட்களில் பெரிய வித்தியாசம் இல்லை. வாசலில் லாரியைப் பதிவு செய்து வாங்க ஒருவர், படுகைகளைப் பார்த்துக்கொள்ள ஓரிருவர், இரவுக் காவல் ஒருவர். சுற்றுச்சுவர் வேண்டும், லாரி உள்ளே வந்து திரும்பும் அளவுக்குத் தளம் வேண்டும், வெளியேறும் நீரை மாதாமாதம் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். கசடு பாதியாகக் குறைந்தால் இந்தச் செலவுகள் பாதியாகக் குறையாது. வரி வருமானம் குறைந்த பேரூராட்சியில் முதல் இரண்டு ஆண்டு உற்சாகத்தில் ஓடும்; அப்புறம் காவலர் சம்பளம் நிற்கும், பூட்டுப் போடுவார்கள்.

பக்கத்து நகராட்சியையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. இரண்டு ஊருக்குமாக 44 ஆயிரம் பேர், 11 ஆயிரம் வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முறையில் வகுத்தால் நாளுக்கு ஒன்பது வீடுகள், சுமார் 23 ஆயிரம் லிட்டர். இது நான் பென்சிலால் போட்ட தோராயக் கணக்குதான். ஆனால் கருங்குழி நிலையத்தின் கொள்ளளவு எதற்காக அந்த அளவில் இருக்கிறது என்பதை இது காட்டிவிடும். ஏறக்குறைய அதே ஆட்கள், அதே சுவர், அதே ஆய்வகக் கட்டணம். வீடுகள் மட்டும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அப்படியானால் இருபது ஊர்களைச் சேர்த்து மாவட்டத்துக்கு ஒன்று கட்டிவிடலாமே என்று தோன்றும். அதை லாரியின் சக்கரம் தடுக்கிறது. நிலையம் ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் போய்வரப் பத்து கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர் டீசல், 230 ரூபாய் அளவில். இருபது கிலோமீட்டரில் இருந்தால் போய்வர நாற்பது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், பத்து லிட்டர் டீசல், 900 ரூபாயைத் தாண்டும். ஒரு வீட்டில் 1,500 ரூபாய் வாங்குகிறவர் அதில் 900 ரூபாயைச் சாலையில் ஊற்றிவிட்டு, ஆள் கூலி கொடுத்து, வண்டித் தவணை கட்ட முடியாது. அதைவிடப் பெரியது நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் இன்னொரு வீட்டை முடித்திருப்பார். தூரம் கூடக் கூட, பக்கத்து ஓடை அவரைக் கூப்பிடும். இந்தச் சேவையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். குடிநீரை மோட்டார் நூறு கிலோமீட்டருக்கும் தள்ளிவிடும். கசடை லாரிதான் சுமக்க வேண்டும்.

2014-இல் தமிழக அரசு கழிவுக் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டபோது, ஊர்களைத் தொகுப்புகளாகச் சேர்க்கும் யோசனை அதில் இருந்தது. பாதாளச் சாக்கடைக்கான சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே இருக்கும் நகரத்துக்குப் பக்கத்து ஊர்களின் லாரிகள் அங்கேயே போய் இறக்கலாம். அப்படி எதுவும் அருகில் இல்லாத ஊர்கள் தங்களுக்குள் சேர்ந்து தனி நிலையம் அமைக்கலாம். கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் ஒட்டியொட்டி இருக்கும் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் இந்த இரண்டாம் வகை. இரண்டும் பேரூராட்சிகள், 2011-இல் ஒன்றில் சுமார் 26 ஆயிரம் பேர், மற்றதில் சுமார் 18 ஆயிரம் பேர். எங்கே ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பேருந்தில் போகிறவருக்குத் தெரியாது. தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் இந்த இரண்டையும் சேர்த்தே ஆய்வு செய்து, பெரியநாயக்கன்பாளையத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிலையத்தைத் திட்டமிட்டது.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். பகிர்வின் சண்டைகள் பாதி அதிலிருந்துதான் வருகின்றன. செப்டிக் டேங்க் கசடு பார்வைக்குக் குழம்பாக இருந்தாலும், நூற்றுக்கு 97, 98 பங்கு தண்ணீர்தான். ஆனால் அதன் வீரியம் சாதாரணச் சாக்கடை நீரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் ஒரு சின்னச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் திடீரென்று நான்கு லாரியைக் கவிழ்த்தால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் திணறிவிடும்.

லாரி குழாயைத் திறந்ததும் கசடு முதலில் கம்பிச் சல்லடையைக் கடக்கிறது. பிளாஸ்டிக் உறை, நாப்கின், துணி, முடி எல்லாம் அங்கே நிற்கும். பிறகு உலர்த்தும் படுகைகள். அடியில் கருங்கல் சல்லி, அதன்மேல் பொடிச் சல்லி, மேலே மணல் பரப்பிய தொட்டிகள் அவை. ஒரு நாள் வரும் கசடை ஒரு படுகையில் ஓரடிக்குள் உயரத்துக்குப் பரப்பிவிட்டு அடுத்த நாள் அடுத்த படுகைக்குப் போவார்கள். தண்ணீர் மணல் வழியே கீழே வடியும். மீதியை வெயில் குடிக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் மேலே வெடிப்பு விட்டு, ஏரி வண்டல் காய்ந்ததுபோல ஓடு ஓடாக வரும். அதை மண்வெட்டியால் வழித்து, கிருமிகள் சாக இன்னும் சில மாதம் மூடிய இடத்தில் கிடத்திவைத்தால் உரமாகப் பயன்படும். வடிந்த நீர் தெளிவுத் தொட்டி, காற்றில்லாத வடிகட்டி, செடி வைத்த சல்லிப் படுகை, கடைசியில் ஒரு குளம் என்று மெல்ல நகர்ந்து சுத்தமாகும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. மின்சாரச் செலவு சொற்பம். சின்ன ஊர்கள் இந்த முறையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். அதற்குப் பதிலாக நிலம் அதிகம் கேட்கும்.

அந்த நிலத்தை யார் கொடுப்பது? பகிர்வில் முதல் சிக்கல் இதுதான், என்னுடைய பார்வையில் இதுதான் மிகப் பெரியதும். இரண்டு ஊருக்கும் பொதுவான நிலையம் என்றாலும் அது ஓர் ஊரின் எல்லைக்குள்தான் இருக்கும். நாற்றம், ஈ, லாரிகள் உடைக்கும் சாலை எல்லாம் அந்த ஊருக்கு. சுத்தம் மட்டும் இரண்டு ஊருக்கும். நிலம் கொடுத்த ஊரின் கவுன்சிலர், ‘அவங்க ஊர்க் கழிவை நம்ம ஊர்ல எதுக்குக் கொட்டணும்?’ என்ற கேள்வியை வார்டுக்குள் நடக்கும்போதெல்லாம் எதிர்கொள்ள வேண்டும். அது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் ஒன்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தால்தான் அவர் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியும்: அணுகுசாலையை விருந்தாளி ஊரும் சேர்ந்து பராமரிக்கும், வேலைவாய்ப்பு நிலம் கொடுத்த ஊருக்கு, காய்ந்த உரம் அந்த ஊர் விவசாயிகளுக்கு முதலில் என்பது போன்ற பதில். கட்டி முடித்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால், முதல் மழையில் நாற்றம் அடிக்கும் வாரத்திலேயே லாரிகளை மறிப்பார்கள்.

இரண்டாவது சிக்கல் செலவைப் பிரிப்பது. கேட்பதற்கு எளிது: யார் எவ்வளவு லோடு அனுப்புகிறார்களோ அவ்வளவு கொடுக்கட்டும். தண்ணீரில் அப்படித்தான் செய்கிறோம். மீட்டர் வைத்து, ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று வாரியம் உள்ளாட்சியிடம் வாங்குகிறது. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், அதனால் அந்த முறை ஓடுகிறது. கசடு யாருக்கும் வேண்டாத பொருள். லோடுக்கு லோடு பணம் கேட்டால், லோடு அனுப்பாத ஊருக்குச் செலவு மிச்சம்! ஒரு செயல் அலுவலர் நேர்மையாகக் கண்காணித்து எல்லா லாரியையும் நிலையத்துக்கு அனுப்பினால் அவருடைய பேரூராட்சிக்கு மாதாமாதம் பெரிய பில் வரும். பக்கத்து ஊரில் கண்டும் காணாமல் இருப்பவருக்குச் சின்ன பில். லாரிக்காரரிடம் வாசலில் இறக்கும் கட்டணம் வாங்குவதும் இதே தவறுதான். நூறோ இருநூறோ அவருக்குப் பெரிதல்ல என்று நினைப்போம். ஆனால் டீசலும் நேரமும் ஏற்கெனவே அவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதோடு இதையும் சேர்க்கிறோம்.

ஆகவே நடத்தும் செலவின் பெரும்பகுதியை வீடுகளின் எண்ணிக்கைப்படி நிலையான பங்காகப் பிரித்துக்கொள்வதே சரி. லோடு வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை கட்டியாக வேண்டும். அப்போதுதான், கொடுத்த காசுக்கு நம் லாரிகள் அங்கே போகட்டும் என்று இரண்டு ஊரும் நினைக்கும். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில், 11 ஆயிரம் வீட்டில் 3,000 சின்ன ஊருடையவை. எனவே அதன் பங்கு நூற்றுக்கு 27, பெரிய ஊருக்கு 73. மாதம் ஒரு லட்சம் செலவாகும் நிலையம் என்று உதாரணத்துக்கு வைத்தால் சின்ன ஊருக்கு 27 ஆயிரம் ரூபாய். தனியாக நடத்தியிருந்தால் அதே ஊர் அந்த லட்சத்தில் முக்கால் பங்காவது தானே சுமந்திருக்கும். நிலம் கொடுத்த ஊர் என்பதற்காக அந்த 27-ஐ இன்னும் குறைத்தாலும் பெரிய ஊருக்கு அது மலிவான பேரம்தான்.

மகாராஷ்டிரத்தில் வாய், சின்னர் என்ற இரு ஊர்கள் இதை இன்னொரு படி முன்னால் கொண்டுபோயின. அங்கே தொட்டி நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முறை வைத்து எல்லா வீட்டுக்கும் லாரி போகிறது. வீட்டுக்காரர் அன்றைக்குப் பணம் தருவதில்லை, வரியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். அவை தனித்தனி ஊர்களின் ஏற்பாடு. ஆனால் பகிர்ந்துகொள்ளும் ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இன்றைக்கு எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை லோடு என்று முன்பே தெரிந்துவிட்டால், ஒரே நாளில் இரண்டு ஊர் லாரிகளும் வந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் குறைத்து, கோடையில் கூட்டிக்கொள்ளவும் முடியும்.

மழைக்காலத்தை நான் சும்மா சொல்லவில்லை. ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து பெய்யும்போது, கூரை போடாத படுகைகளில் கசடு காயாது. பத்து நாளில் காலியாக வேண்டிய படுகை இருபது நாள் ஆனாலும் காலியாகாது. அதே மாதங்களில்தான் நிலத்தடி நீர் ஏறி வீட்டுத் தொட்டிகள் பொங்கும்; லாரிகளுக்கு வேலை கூடும். வரத்து கூடி இடம் குறையும் அந்த நாலு வாரத்தில்தான் கூட்டாளிகளுக்குள் உரசல் வரும். நிலையம் இருக்கும் ஊரின் லாரிகள் உள்ளே போகும், அடுத்த ஊரின் லாரிகள் திருப்பி அனுப்பப்படும். குடிநீரில் கடைக்கோடி ஊருக்குக் கோடையில் நேர்வது இங்கே வெளியூருக்கு மழையில் நேர்கிறது. ஒப்பந்தத்தில் மழைமாதப் பங்கீடு என்று ஒரு வரி இருந்தால் போதும். படுகைகளில் சிலவற்றுக்காவது ஒளி புகும் கூரை இருந்தால் இன்னும் நல்லது.

நிலையம் ஒழுங்காக நடக்கிறதா என்பதை ஒரு சாதாரணக் குடிமகனே கண்டுபிடிக்கலாம். வாசலில் ஒரு பதிவேடு இருக்கும்: தேதி, வண்டி எண், எந்த ஊர், எத்தனை லிட்டர். ஒரு மாத லோடுகளைக் கூட்டிப் பாருங்கள். 11 ஆயிரம் வீட்டுக்கு நாளுக்கு ஐந்தாறு லாரியாவது வந்திருக்க வேண்டும். ஒன்றரை லாரிதான் வருகிறது என்றால் மற்றவை எங்கோ போகின்றன. ஓர் ஊரின் பெயர் பதிவேட்டில் பல நாள் தென்படவே இல்லையென்றால் பகிர்வு ஏட்டளவில்தான். படுகையில் கசடுக்குப் பதில் புல் முளைத்திருந்தாலும் அதே பொருள். மாறாக, கசடு மேலே குளம்போல் நாள்கணக்கில் நின்றால் மணல் அடைத்துவிட்டது. மேல் மணலைச் சுரண்டிப் புதிது போட வேண்டும். லாரி வந்ததும் எண்ணெய் வாடையோ ரசாயன நெடியோ, வழக்கத்துக்கு மாறான நிறமோ தெரிந்தால் அது வீட்டுக் கசடு அல்ல. ஏதோ ஓட்டலின் எண்ணெய்க் கழிவு, அல்லது பட்டறைக் கழிவு. ஒரே லோடு போதும், நுண்ணுயிர்கள் செத்து நிலையம் பல நாள் படுத்துவிடும். வாசலில் இருப்பவர் ஒரு துண்டு அமிலக் காகிதத்தை நனைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், அது பக்கத்து ஊர் லாரியாக இருந்தாலும். அவர் ஒரே ஒரு ஊரின் தற்காலிக ஊழியர் என்றால், அடுத்த ஊரின் செல்வாக்கான வண்டிக்காரரை அவரால் மறுக்க முடியாது.

அந்த வாசல் ஊழியர் யாருடைய ஆள் என்ற கேள்வியிலிருந்துதான் நிர்வாகத்தின் பெரிய கேள்வி தொடங்குகிறது. பிரான்சில் சுமார் 35 ஆயிரம் சிறு நகர, கிராம மன்றங்கள் இருக்கின்றன. பலவற்றில் சில நூறு பேர்தான். ஒன்றோடு ஒன்றை இணைத்துவிட அந்த ஊர்கள் சம்மதிப்பதில்லை. அதற்கு 1890-இலேயே ஒரு சட்டம் வழி செய்தது: இரண்டு மூன்று ஊர்கள் ஒரே ஒரு வேலைக்காக, தண்ணீருக்கோ வேறு ஒரு சேவைக்கோ, கூட்டாக ஓர் அமைப்பை உருவாக்கலாம். அதற்குத் தனிக் கணக்கு, தனிச் சொத்து, தனி ஊழியர். ஒவ்வோர் ஊர் மன்றமும் தன் பிரதிநிதிகளை அனுப்பும். அவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊர் ஊராகவே இருக்கும், வேலை மட்டும் பொதுவாகும். 1959-இல் ஒரே கூட்டமைப்பு பல வேலைகளைச் செய்யவும் அனுமதி வந்தது. தீயணைப்பை மட்டும் 1996-இல் எடுத்து மாவட்ட அளவில் ஒருங்கிணைத்தார்கள். ஊர்கள் தொடர்ந்து பணம் கட்டுகின்றன. தீ எந்த ஊர் எல்லையையும் பார்ப்பதில்லை, வண்டியோ சில நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதால் அது சரியான முடிவு. தமிழ்நாட்டில் தீயணைப்பு முழுக்க மாநிலத் துறை. நமக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

பிரான்ஸ் கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் நமக்கு வேண்டும். 2015-இல் வந்த சட்டம், தண்ணீரையும் கழிவுநீரையும் ஊர்கள் கட்டாயமாகப் பெரிய கூட்டமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. சிறிய ஊர்கள் பத்து ஆண்டு எதிர்த்தன. கெடு தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2025 ஏப்ரலில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். தாமாகச் சேர்ந்த ஊர்களின் கூட்டு நூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது. மேலிருந்து கட்டிய கூட்டு பத்து ஆண்டுக்குள் அவிழ்ந்துவிட்டது.

நம் ஊரில் பகிர்வு பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. சென்னையில் தொகுப்பு வரைகிறார்கள், நிதி ஒதுக்குகிறார்கள், டெண்டர் விடுகிறார்கள், நிலையம் எழும்புகிறது. இந்த வேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஊர்களே கூடிப் பேசி முடிக்கட்டும் என்று விட்டிருந்தால் கருங்குழி இன்னும் வரைபடமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கட்டடத்துக்கு அரசு பணம் தரும். காவலர் சம்பளத்தையும் மணல் மாற்றும் செலவையும் ஊர்கள்தான் ஆண்டுதோறும் போட வேண்டும். இரண்டு மன்றங்களின் பிரதிநிதிகளும் உட்காரும் ஒரு குழு, அதற்கென்று ஒரு வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கில் சம்பளம் வாங்கும் வாசல் ஊழியர் என்ற மூன்றும் இல்லாத இடத்தில், பொது நிலையம் என்பது நிலம் கொடுத்த ஊரின் தலையில் விழுந்த சுமையாகிவிடும்.

லாரிகளைப் பொறுத்தவரை சட்டம் இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது. 2022-இல் நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு, கழிவுநீர் ஊர்திகள் உள்ளாட்சியிடம் உரிமம் பெறுவது கட்டாயமாயிற்று. கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம், மீண்டும் செய்தால் கூடுதல் அபராதம். தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013 மத்தியச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம். உரிமம் இரண்டு ஊரிலும் செல்லும்படி பொதுவாக இருந்தால் லாரிக்காரருக்கும் நல்லது, கண்காணிப்பும் எளிது. ஓர் ஊரில் உரிமம் வாங்கிவிட்டு அடுத்த ஊர் எல்லையில் கொட்டிவிட்டுப் போகும் வழியை அடைப்பதற்கு வேறு மார்க்கம் கிடையாது.

உங்கள் பேரூராட்சி மன்றத்தில் இப்படி ஒரு பொது நிலையத்துக்கான தீர்மானம் வரும் நாள் தூரத்தில் இல்லை. அது வரும்போது கவுன்சிலரிடம் மூன்றைக் கேளுங்கள்: நடத்தும் செலவில் நம் பங்கு எவ்வளவு, அது லோடுக்கா வீட்டுக்கா, மழையில் நம் லாரியைத் திருப்பி அனுப்பினால் யாரிடம் முறையிடுவது, வாசல் பதிவேட்டை ஊர் மக்கள் எந்த நாளில் பார்க்கலாம். அதுவரை, அடுத்த முறை உங்கள் வீட்டுத் தொட்டியை அள்ள வரும் ஓட்டுநரிடம் காசு கொடுக்கும் முன் எங்கே கொண்டுபோய் இறக்குகிறார் என்று கேளுங்கள்; இறக்கியதற்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.